தங்கக் காசா, கோல்டு இடிஎஃப்பா? செலவு, டிராக்கிங் எரர், பாதுகாப்பு: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

தங்கத்தில் பணம் போட நினைக்கிற பலர் என்னிடம் கேட்பது "எது லாபம்?" என்றுதான். தங்கக் காசு கையில் இருக்கும் தங்கம். கோல்டு இடிஎஃப் என்பது ஒரு ஃபண்ட் வாங்கி வைத்திருக்கும் தங்கத்தில் உங்கள் பங்கு, பங்குச் சந்தையில் யூனிட்டுகளாக வாங்கி விற்கலாம். இரண்டுமே ஒரே உலோகம். தங்கம் ஏறினால் இரண்டும் ஏறும், இறங்கினால் இரண்டும் இறங்கும். வித்தியாசம் முழுக்கச் செலவில்தான் இருக்கிறது. அந்தச் செலவு இரண்டிலும் வேறு வேறு நேரத்தில் வருகிறது. காசில் வாங்கும் நாளிலும் விற்கும் நாளிலும் மொத்தமாகப் போகிறது. இடிஎஃப்பில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. ஆகவே எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், கடைசியில் அதை என்ன செய்யப் போகிறீர்கள் என்ற இரண்டும் தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

கீழே வரும் கணக்குகளில் 24 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். இன்றைய விலை அதுவல்ல. மனதில் கணக்குப் போட எளிதாக இருக்கும் என்பதற்காக. சதவீதங்கள் எந்த விலையிலும் ஒன்றுதான்.

படி 1: எதற்காக வாங்குகிறோம் என்று எழுதுங்கள்

நம் ஊரில் மூன்று காரணங்கள்தான் பெரும்பாலும். ஒன்று, பிறகு நகை செய்ய. இரண்டு, பணமாகவே வளர்ந்து பணமாகவே திரும்ப வர. மூன்று, அவசரத்துக்கு அடகு வைக்க. இந்த மூன்றுக்கும் விடை வேறு வேறு.

மூன்றாவதை இப்போதே முடித்துவிடலாம். இடிஎஃப் யூனிட்டை வைத்து நகைக்கடன் வாங்க முடியாது. தங்கத்தைப் பின்னணியாகக் கொண்ட நிதிப் பத்திரங்களுக்கு எதிராக நகைக்கடன் தருவதை ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. காசுக்கும் வரம்பு உண்டு: ஒருவருக்கு மொத்தம் 50 கிராம் காசு வரைதான். பல வங்கிக் கிளைகளில் வங்கி விற்ற காசைத் தவிர வேறு காசை எடுக்கவும் மாட்டார்கள். அடகுதான் முக்கியம் என்றால், நீங்கள் போகும் கிளையில் எந்தக் காசை ஏற்பார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சொல்லப்போனால் அந்தத் தேவைக்கு ஹால்மார்க் நகையே வசதி.

படி 2: காசின் நிஜச் செலவைக் கடையிலேயே கண்டுபிடியுங்கள்

காசு வாங்கும்போது விலைக்கு மேல் இரண்டு செலவுகள் ஏறும். முதலாவது செய்கூலி. கடைக்குக் கடை பெயர் மாறும். சில கடைகளில் அதைத் தனியாகக் காட்டாமல் கிராம் விலையிலேயே சேர்த்துவிடுவார்கள். இரண்டாவது 3 சதவீத ஜிஎஸ்டி, பில் தொகை முழுவதுக்கும். எடை குறையக் குறையச் செய்கூலியின் பங்கு கூடும். 1 கிராம் காசை அச்சடிக்கவும் பேக் செய்யவும் ஆகும் வேலை 10 கிராம் காசுக்கு ஆவதைவிடப் பெரிதாகக் குறைவில்லை. ஆனால் அதைப் பங்கிட ஒரு கிராம்தான் இருக்கிறது. மாதம் ஒரு கிராம் என்று வாங்கிச் சேர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் நிறைய விடுகிறார்கள்.

10 கிராம் காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தங்கம் 1,00,000. செய்கூலி 2 சதவீதம் என்றால் 1,02,000. அதன்மேல் ஜிஎஸ்டி 3,060. ஆக 1,05,060 ரூபாய்.

இப்போது கடைக்காரரிடம் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். பெரும்பாலானோர் கேட்பதில்லை. "இதே காயினை நாளைக்கே திருப்பிக் கொண்டு வந்தா என்ன ரேட்டுக்கு எடுப்பீங்க?" என்று கேளுங்கள். வரும் பதில் பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: "நகையா மாத்திக்கிட்டா கழிவு இல்லைங்க. பணமா வேணும்னா ரெண்டு பர்சென்ட் போகும்." இந்தப் பதிலில்தான் உங்கள் முழுக் கணக்கும் இருக்கிறது. பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த வாக்குறுதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

2 சதவீதம் கழித்தால் கையில் வருவது 98,000. 1,05,060 கொடுத்து 98,000 வாங்கினால் நட்டம் 7,060, அதாவது போட்ட பணத்தில் சுமார் 6.7 சதவீதம். தங்கம் சுமார் 7.2 சதவீதம் ஏறினால்தான் முதலுக்கு முதல் வரும். அந்த 6.7-ஐ எழுதி வையுங்கள், கீழே தேவைப்படும்.

வங்கியில் காசு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். வங்கிகள் தாங்கள் விற்ற காசைத் திரும்ப வாங்குவதில்லை. அதற்கு அனுமதி கிடையாது. தூய்மை பற்றிய கவலை இருக்காது, ஆனால் விற்க எப்படியும் நகைக்கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே அது வெளிக்கடைக் காசு. சோதிப்பார்கள், சில இடங்களில் உருக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்கள். கவுண்டரில் காரட் பார்க்கும் எக்ஸ்ரே கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால், பெரிய எடைக்கு உருக்கக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் உருக்கும் முன்னும் பின்னும் எடையை உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். சீல் பிரிக்காத பேக்கும் அசல் பில்லும் இருந்தால் இந்தச் சிக்கல் பாதி குறையும்.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. இங்கே பேப்பரில் வரும் சவரன் விலை 8 கிராம் 22 காரட் ஆபரணத் தங்கத்துக்கு. காசு 22 காரட்டிலும் கிடைக்கும், 24 காரட்டிலும் கிடைக்கும். இடிஎஃப் வைத்திருப்பது 99.5 சதவீதமோ அதற்கு மேலோ தூய்மையுள்ள தங்கம். சவரன் விலையை இடிஎஃப் விலையோடு நேராக ஒப்பிட்டால் கணக்குத் தப்பாகும். ஒப்பிட வேண்டுமென்றால் ஜிஎஸ்டி சேராத 24 காரட் கிராம் விலையை எடுங்கள்.

படி 3: இடிஎஃப்பில் தங்கம் எப்படிக் குறைகிறது என்று பாருங்கள்

இந்தியாவின் முதல் கோல்டு இடிஎஃப் 2007-ல் பெஞ்ச்மார்க் நிறுவனம் கொண்டுவந்த கோல்டு பீஸ். இன்று அது நிப்பான் இந்தியாவிடம் இருக்கிறது. திரையில் GOLDBEES என்று வரும். தொடக்கத்தில் ஒரு யூனிட் ஏறக்குறைய ஒரு கிராம் தங்கம். 2019-ல் ஒரு யூனிட்டை நூறாகப் பிரித்தார்கள். அப்படியானால் இன்று ஒரு யூனிட் என்பது 0.01 கிராமாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை.

நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு யூனிட்டின் சொத்து மதிப்பான அன்றைய என்ஏவியை எடுத்து, ஜிஎஸ்டி சேராத 24 காரட் கிராம் விலையால் வகுங்கள். வருவது 0.01-க்குக் கணிசமாகக் கீழே இருக்கும். காரணம், ஃபண்ட் நடத்தும் செலவுக்குத் தனியாகப் பில் வராது. ஃபண்டில் உள்ள தங்கத்திலிருந்தே தினமும் ஒரு சின்னத் துண்டு அதற்குப் போகிறது. வருடத்துக்கு 1 சதவீதம் வீதம் 18 வருடம் போனால், நூறில் ஏறக்குறைய 83 பங்குதான் மிஞ்சும். யூனிட்டுகளை மின்வடிவில் வைத்திருக்கும் உங்கள் டீமேட் கணக்கில் எண்ணிக்கை மாறாது. ஆனால் ஒவ்வொரு யூனிட்டுக்குள்ளும் இருக்கும் தங்கம் வருடாவருடம் இளைக்கிறது. விலை ஏறிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் இது கண்ணில் படுவதில்லை.

இன்று பெரிய கோல்டு இடிஎஃப்களின் செலவு விகிதம் பெரும்பாலும் அரை சதவீதத்திலிருந்து 0.8 சதவீதம் வரை இருக்கிறது. நம் கணக்குக்கு 0.7 என்று வைப்போம். வாங்கும்போது 3 சதவீத ஜிஎஸ்டி கிடையாது, செய்கூலி கிடையாது. தரகு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள இடைவெளி எல்லாம் சேர்த்து வாங்கி விற்க 0.3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரே அளவு பணத்தை இரண்டிலும் போட்டால், போட்ட ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் தங்கம் விலை மாறாமல் இருந்தால் என்ன மிஞ்சும் என்று பார்ப்போம். காசில் எத்தனை வருடமானாலும் 93.28 ரூபாய். இடிஎஃப்பில் n வருடத்துக்குப் பிறகு:

```
99.7 × (1 − 0.007)^n
```

3 வருடத்தில் இது சுமார் 97.6. ஐந்தில் 96.3. பத்தில் 92.9. காசின் 93.28-ஐ இது தொடுவது ஒன்பதரை வருடத்தில். அதற்கு முன் விற்றால் இடிஎஃப் மேல். அதற்குப் பிறகும் வைத்திருந்தால் காசு மேல். செலவு விகிதம் 0.5 சதவீதமுள்ள ஃபண்டாக இருந்தால் இதே எல்லை 13 வருடத்தைத் தாண்டிப் போகும்.

உங்கள் கடை சொன்ன செய்கூலியையும் கழிவையும், உங்கள் ஃபண்டின் செலவையும் இதில் போட்டு உங்கள் எல்லையைக் கண்டுபிடியுங்கள். 1 கிராம் காசுகளாக வாங்குபவருக்கு அது இன்னும் பல வருடம் தள்ளிப் போகும்.

படி 4: டிராக்கிங் எரரைச் சரியாகப் படியுங்கள்

"டிராக்கிங் எரர் குறைவான ஃபண்டை எடுங்கள்" என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். முழுக்கத் தப்பில்லை, ஆனால் அதை மட்டும் பார்த்தால் நீங்கள் தேடும் விஷயம் அதில் இருக்காது.

ஃபண்ட் தங்கத்தைவிட ஒவ்வொரு நாளும் எவ்வளவு விலகுகிறது என்று எடுத்து, அந்த விலகல் நாளுக்கு நாள் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளப்பதுதான் டிராக்கிங் எரர். அதாவது அது விலகலின் சீரின்மையைச் சொல்கிறது, விலகலின் அளவைச் சொல்வதில்லை. ஒரு ஃபண்ட் தினமும் துல்லியமாக ஒரே அளவு தங்கத்துக்குப் பின்தங்கினால், அதன் டிராக்கிங் எரர் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆனால் வருட முடிவில் அது முழு 1 சதவீதம் பின்தங்கியிருக்கலாம். செலவு விகிதம் தினமும் ஒரே மாதிரிக் கழிவதால், டிராக்கிங் எரரில் அது தெரியவே தெரியாது.

நீங்கள் பார்க்க வேண்டியது டிராக்கிங் டிஃபரன்ஸ். ஒரு வருடத்தில் தங்கம் கொடுத்த லாபத்துக்கும் ஃபண்ட் கொடுத்த லாபத்துக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். 1 வருடம், 3 வருடம், 5 வருடம் என்று ஃபண்டுகள் இதை வெளியிட வேண்டும் என்பது சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. ஃபண்ட் நிறுவனத்தின் தளத்திலும், ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்திலும் கிடைக்கும்.

இரண்டு கற்பனை ஃபண்டுகளை வைத்துப் பார்ப்போம். முதல் ஃபண்டின் டிராக்கிங் எரர் 0.05, டிராக்கிங் டிஃபரன்ஸ் மைனஸ் 0.80. இரண்டாவதின் டிராக்கிங் எரர் 0.30, டிஃபரன்ஸ் மைனஸ் 0.45. பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு இரண்டாவதுதான் நல்லது. நாளுக்கு நாள் வரும் சின்ன ஏற்ற இறக்கம் காலப்போக்கில் தானாகச் சரியாகிவிடும். வருடாவருடம் போகும் 0.80 திரும்பி வராது. டிராக்கிங் எரர் முக்கியமாவது சில வாரங்களில் விற்பவருக்கும், திடீரென்று எகிறும்போதும். ஒரு ஃபண்டில் அது திடீரென்று கூடினால் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது டிராக்கிங் டிஃபரன்ஸையும் செலவு விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஃபண்ட் ஒழுங்காக நடக்கிறது. டிஃபரன்ஸ் அதைவிட நன்றாகக் கூடியிருந்தால் காரணம் பெரும்பாலும் கையிருப்புப் பணம். விதிப்படி ஃபண்டின் 95 சதவீதமாவது தங்கத்திலும் தங்கம் சார்ந்தவற்றிலும் இருக்க வேண்டும். மீதியைப் பணமாக வைத்திருக்கலாம். தங்கம் ஒரே வருடத்தில் 30 சதவீதம் ஏறும்போது 2 சதவீதம் பணமாகக் கிடந்தால், அதனால் மட்டும் அரை சதவீதம் போகும். தங்கம் படுத்திருக்கும் வருடத்தில் அதே பணம் எந்தக் கெடுதலும் செய்யாது. அதனால் ஒரு வருட எண்ணை மட்டும் பார்க்காமல் 3 வருடம், 5 வருடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

இங்கே இன்னொன்று. இடிஎஃப் பின்தொடர்வது உலகத் தங்க விலையை அல்ல, இறக்குமதி வரி சேர்ந்த உள்நாட்டு விலையை. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் சுங்க வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தபோது, உலகச் சந்தையில் பெரிய மாற்றம் இல்லாமலேயே கோல்டு இடிஎஃப்கள் இறங்கின. அது ஃபண்டின் குறையில்லை. காசு வைத்திருந்தவரின் தங்கமும் அதே அளவு இறங்கியது. அவர் அன்று விற்கப் போகாததால் அவருக்குத் தெரியவில்லை.

படி 5: என்ஏவிக்குப் பக்கத்தில் வாங்குங்கள்

மேலே சொன்ன எல்லாக் கணக்கும் ஃபண்டின் என்ஏவியை வைத்து. ஆனால் நீங்கள் வாங்குவது என்ஏவியில் இல்லை, சந்தை விலையில். இரண்டும் விலகினால், ஒரு வருடச் செலவை ஒரே நாளில் இழக்கலாம்.

சாதாரண நாளில் இந்த விலகலைச் சந்தையில் இருக்கும் மார்க்கெட் மேக்கர்கள் சரிசெய்துவிடுவார்கள். யூனிட் விலை ஏறினால் ஃபண்டிடம் தங்கத்தைக் கொடுத்துப் புது யூனிட் வாங்கிச் சந்தையில் விற்பார்கள். விலை கீழே வந்துவிடும். நாட்டில் உலோகமே கிடைக்காமல் போனால் இந்த ஏற்பாடு நின்றுவிடும். 2025 அக்டோபரில் வெள்ளியில் நடந்தது இதுதான். உள்நாட்டில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தது, வெள்ளி இடிஎஃப்கள் என்ஏவியைவிடக் கணிசமாக அதிக விலைக்குப் போயின, சில நிறுவனங்கள் தங்கள் வெள்ளி ஃபண்டில் மொத்தத் தொகை வாங்குவதையே தற்காலிகமாக நிறுத்தின. அந்த உச்சத்தில் யூனிட் வாங்கியவர்கள், வெள்ளி விலை அசையாமல் இருந்திருந்தாலும் கூடுதலாகக் கொடுத்ததை இழந்திருப்பார்கள். தங்கத்தில் அந்த அளவு விலகல் அரிது. ஆனால் அட்சய திருதியை, தந்தேரஸ் மாதிரி எல்லோரும் ஒரே நாளில் வாங்கும்போது ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

எப்படிப் பார்ப்பது? ஃபண்ட் நிறுவனத் தளத்தில் iNAV என்று ஒரு எண் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு யூனிட்டின் மதிப்பு அது. சந்தை விலை அதைவிட அரை சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் அன்று வாங்க வேண்டாம். ஆனால் தங்கத்தில் இந்த எண் எப்போதும் நொடிக்கு நொடி மாறுவதில்லை, சில நேரம் பழையதாகவே நிற்கும். அதனால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள்: இரண்டு மூன்று கோல்டு இடிஎஃப்களின் அன்றைய சதவீத மாற்றத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் 0.8 சதவீதம் ஏறியிருக்கும்போது நீங்கள் வாங்கப் போவது மட்டும் 1.9 ஏறியிருந்தால், அந்த வித்தியாசம் தங்கத்தில் இல்லை, அந்த யூனிட்டின் விலையில் மட்டும் இருக்கிறது.

ஆர்டர் போடும்போது கிடைக்கிற விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், நீங்கள் சொன்ன விலைக்கு மேல் போகாத லிமிட் ஆர்டர் போடுங்கள். சந்தை திறந்த முதல் அரை மணியும் மூடும் முன் கடைசி நிமிடங்களும் வேண்டாம். தங்கம் இரவு முழுக்க உலகச் சந்தையில் அசைந்துகொண்டே இருக்கும், காலை 9.15-க்கு அந்த அசைவெல்லாம் ஒரே நேரத்தில் விலையில் இறங்கும்போது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருக்கும். ஆர்டர் திரையில் இரண்டு பக்கமும் எவ்வளவு யூனிட் நிற்கிறது என்று பாருங்கள். நாள் முழுக்கச் சில நூறு யூனிட் மட்டுமே கைமாறும் ஃபண்டுகளின் செலவு விகிதம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். மிச்சம் பிடித்தது விற்கும் நாளில் போய்விடும்.

படி 6: எங்கே வைப்பது

காசை வீட்டில் வைத்தால் செலவில்லை, பயம் உண்டு. அதனால் லாக்கர். வாடகை 2,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து வருடம் 2,360 என்று வைப்போம். ஊருக்கு ஊர், அளவுக்கு அளவு இது மாறும்.

லாக்கர் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது, அதற்கு வங்கி காப்பீடும் எடுப்பதில்லை. 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிந்து விழுதல், வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால் வங்கியின் பொறுப்பு வருட வாடகையின் 100 மடங்கு வரைதான். வாடகை 2,000 என்றால் 2 லட்சம். நம் கணக்கு விலையில் அது 20 கிராம், இரண்டரை சவரன். உள்ளே 100 கிராம் இருந்தால் மீதி 80 கிராமுக்கு வங்கி பொறுப்பில்லை. வெள்ளம், நிலநடுக்கம் மாதிரி இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் அலட்சியம் இல்லாதவரை, எதுவும் கிடையாது. அதிகத் தங்கம் வைப்பவர்கள் வீட்டுக் காப்பீட்டோடு லாக்கர் நகைகளையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்பது அவசியம். அந்தப் பிரீமியமும் காசின் வருடச் செலவுதான். வாடகை மூன்று வருடம் கட்டாமல் விட்டால் லாக்கரை உடைத்துத் திறக்க வங்கிக்கு உரிமை உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இடிஎஃப்பின் தங்கம், ஃபண்டுக்காக அதைப் பாதுகாக்கும் கஸ்டோடியன் நிறுவனத்தின் பெட்டகத்தில் கட்டிகளாக இருக்கும். ஃபண்டின் ஆடிட்டர் அரையாண்டுக்கு ஒருமுறை நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். அந்தச் செலவெல்லாம் ஏற்கெனவே செலவு விகிதத்துக்குள் இருக்கிறது. நீங்கள் தனியாகக் கட்டுவது டீமேட் கணக்குக்கு மட்டும். ஒரே ஒரு டீமேட் வைத்திருப்பவர் அதை அடிப்படைச் சேவைக் கணக்காக வைத்துக்கொண்டால், 4 லட்சம் ரூபாய் மதிப்பு வரை வருடக் கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 100 ரூபாய். 2024 செப்டம்பர் முதல் இப்படி. திருட்டுப் பயமில்லை, ஆனால் பாஸ்வேர்டும் ஓடிபியும் வேறு யார் கையிலும் போகக் கூடாது; நாமினி பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: சிறு முதலீட்டாளர் யூனிட்டைக் கொடுத்துத் தங்கமாக எடுத்துக்கொள்ள முடியாது. விற்றுப் பணம்தான் வாங்க முடியும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கையில் 10,50,600 ரூபாய். பத்து வருடத்தில் மகளுக்கு நகை செய்ய வேண்டும். தங்கம் விலை மாறவில்லை என்று வைத்துச் செலவை மட்டும் பார்ப்போம்.

காசில் போட்டால் 10 கிராம் காசுகள் பத்து, மொத்தம் 100 கிராம். வாங்கிய கடையிலேயே கழிவில்லாமல் நகைக்கு மாற்றினால் மதிப்பு 10,00,000. பத்து வருட லாக்கர் 23,600. மிச்சம் 9,76,400. இடிஎஃப்பில் 0.7 சதவீத ஃபண்டில் போட்டால், வாங்கி விற்கும் செலவும் கசிவும் போக, சுமார் 9,76,400. இரண்டும் ஒன்றுதான்!

இனி எது இதைச் சாய்க்கிறது என்று பாருங்கள். கடை இடையில் மூடிவிட்டாலோ, பத்து வருடத்தில் டிசைன் பிடிக்காமல் வேறு கடைக்குப் போனாலோ, 2 சதவீதக் கழிவு வரும். காசுக்கு 20,000 போய்விடும். 0.5 சதவீத ஃபண்டை எடுத்திருந்தால் இடிஎஃப் பக்கம் கிட்டத்தட்ட 20,000 கூடும். மாறாக, லாக்கர் ஏற்கெனவே வீட்டு நகைக்காக இருக்கிறது, புதிதாகச் செலவில்லை என்றால் காசு 23,600 முன்னால் நிற்கும். கல்யாணம் மூன்றே வருடத்தில் வந்துவிட்டால் போட்டியே இல்லை: இடிஎஃப்பில் 10.25 லட்சம் இருக்கும், காசைப் பணமாக்கினால் 9.8 லட்சம்.

நகை வாங்கும்போது 3 சதவீத ஜிஎஸ்டி புது நகையின் முழு மதிப்புக்கும் போடுவார்கள், பழைய தங்கத்தை மாற்றினாலும் சரி. ஆக காசு வழியாகப் போகிறவர் ஒரே தங்கத்துக்கு இரண்டு முறை ஜிஎஸ்டி கட்டுகிறார், காசுக்கு ஒன்று, நகைக்கு ஒன்று. இடிஎஃப் வழியாகப் போகிறவர் ஒருமுறை. நகைக்காகவே காசு சேர்க்கும் வழக்கத்தில் இதுதான் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. 10 வருடத்துக்குள் நகை என்றால் நான் இடிஎஃப் பக்கம்தான். 15, 20 வருடம் தொடவே மாட்டேன், லாக்கர் ஏற்கெனவே இருக்கிறது, 10 கிராமுக்குக் குறையாத காசுகளாக வாங்குவேன் என்றால் காசு.

படி 7: விற்பதும் வரியும்

காசை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. அதற்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி விகிதத்தில் வரும். பட்டியலிடப்பட்ட கோல்டு இடிஎஃப்பில் இந்த எல்லை 12 மாதம்தான். 2023 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய யூனிட்டுகளுக்கு இடையில் வேறு விதி இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அது கோல்டு இடிஎஃப்களுக்கு இல்லை. டீமேட் இல்லாமல் மியூச்சுவல் ஃபண்ட் வழியாக வாங்கும் கோல்டு ஃபண்டுக்கு எல்லை மீண்டும் 24 மாதம். அதில் இடிஎஃப்பின் செலவுக்கு மேல் இன்னொரு அடுக்குச் செலவும் உண்டு.

காசின் பில்லைத் தொலைத்துவிட்டால் வாங்கிய விலையைக் காட்ட வழியில்லாமல் லாபம் பெரிதாகிவிடும். தெர்மல் பேப்பரில் வந்த பில் இரண்டு வருடத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள்.

இடிஎஃப்பை விற்கும்போது எத்தனை யூனிட் விற்றாலும், ஒரு நாளுக்கு ஒரு ஃபண்டுக்கு என்று டீமேட் தரப்பில் ஒரு நிலையான கட்டணம் பிடிப்பார்கள், வழக்கமாக 20 ரூபாய்க்குள். மாதாமாதம் 500 ரூபாய்க்கு விற்றால் அது 3, 4 சதவீதம் ஆகிவிடும். 5 லட்சத்துக்கு ஒரே தடவை விற்றால் ஒன்றுமே இல்லை. பணம் அடுத்த வேலை நாளில் டிரேடிங் கணக்குக்கு வரும், அங்கிருந்து வங்கிக்கு வர இன்னும் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நகை எடுக்கப் போகும் நாளுக்கு முதல் நாள் விற்றால் கையில் பணம் இருக்காது. திங்களோ செவ்வாயோ விற்று, வெள்ளிக்குள் நகையை எடுத்துவிடுவது சரியாக வரும்; அந்த இரண்டு மூன்று நாளில் தங்கம் ஏறிவிடும் என்ற பயம் இருந்தால், விற்ற அன்றே கடையில் ஒரு தொகை முன்பணம் கட்டி அன்றைய விலையைப் பிடித்து வைக்கும் வசதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.